கொல்லத்துச் செப்பேட்டில் பதினொரு சாட்சிகள்

ஈஸா நபி (அலை) அவர்களின் சீடர்களை நாம் ஹவாரிகள் என்கிறோம். குர்ஆன் அவர்களைப் பற்றிப் பேசுகிறது, பெயர் சொல்லவில்லை. கிறிஸ்தவ மரபு பெயர்களைச் சொல்கிறது. அப்பெயர்களுள் ஒருவரான தோமா கி.பி. 52இல் கேரளத்து முசிறித் துறையில் வந்திறங்கினார், ஏழரைப் பள்ளிகளை நிறுவினார், பின்பு கிழக்கே மயிலாப்பூருக்குச் சென்று 72இல் கொல்லப்பட்டார் என்பது மலபார் கிறிஸ்தவர்களின் நெடுங்கால நம்பிக்கை. கொடுங்கல்லூர், பாலயூர், பரவூர், கொக்கமங்கலம், நிரணம், கொல்லம், நிலக்கல் ஆகியவை ஏழு. திருவிதாங்கோட்டில் உள்ளது அரைப்பள்ளி.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் ஒரு முஸ்லிம் எழுத்தாளனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, யார் முந்தி வந்தவர் என்ற வழக்கு எங்கள் மாவட்டத்தில் ஓய்ந்ததே இல்லை. ஒவ்வொரு சமூகமும் தன் கையில் ஒரு பழங்கதையை வைத்திருக்கிறது. அடுத்தவன் கதையைப் பொய் என்கிறது, தன் கதையை வரலாறு என்கிறது. எனவே ஒரு பழங்கதையை எப்படி நிறுத்துப் பார்ப்பது என்று அறிய, நமக்கு நேரடி வழக்கில்லாத ஒரு கதையை எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, மலபார்க் கிறிஸ்தவர்களின் பழைமைக்கு இன்று நம்மிடமுள்ள மிக உறுதியான ஆவணத்தில் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் சாட்சிக் கையெழுத்து இட்டிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்துகளைப் பற்றி நம்மவர் எழுதியது குறைவு.

முதலில் கதையின் வயதைப் பார்ப்போம். தோமா இந்தியாவுக்கு வந்ததைச் சொல்லும் மிகப் பழைய நூல் ‘தோமாவின் நடபடிகள்’. சிரியாப் பக்கத்து எதெஸ்ஸா நகரைச் சூழ்ந்த பகுதியில், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுரியானி மொழியில் எழுந்த நூல் அது. இந்தியாவுக்குப் போக மறுக்கும் தோமாவை அவருடைய குருவே ஹப்பான் என்ற வணிகனுக்கு அடிமையாக விற்றுவிடுகிறார். தச்சுவேலை தெரிந்த தோமா, குத்னபர் என்ற அரசனுக்கு மாளிகை கட்டப் பணம் வாங்குகிறார். வாங்கிய பணத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்துவிடுகிறார். பின்பு மஸ்தை என்ற இன்னொரு மன்னனின் நாட்டில் உயிர் துறக்கிறார். அந்த நூலில் முசிறி இல்லை, மிளகு இல்லை, சேரன் இல்லை.

குத்னபர் என்ற பெயரை நெடுங்காலம் கற்பனை என்றே அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். 1830களில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பகுதிகளிலிருந்து பழைய நாணயங்கள் திரளாகச் சேர்க்கப்பட்டபோது கொந்தோபாரேஸ் என்ற அரசனின் நாணயங்கள் வெளிப்பட்டன. பெஷாவருக்கு அப்பால் தக்த்-இ-பாஹியில் கிடைத்த கல்வெட்டொன்று அவனது ஆட்சியின் 26ஆம் ஆண்டைக் குறித்து, அதற்கு நேராக ஓர் ஊழியின் 103ஆம் ஆண்டையும் தருகிறது. அந்த ஊழி கி.மு. 57இல் தொடங்கியது என்று கொண்டால் 103ஆம் ஆண்டு கி.பி. 46 ஆகும், அவன் ஆட்சிக்கு வந்தது ஏறக்குறைய 20இல். ஈஸா நபியின் சீடர்கள் வாழ்ந்த காலமும் அதுவே. ஆக, கதை சொன்னவருக்கு உண்மையான ஓர் அரசனின் பெயர் தெரிந்திருந்தது. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில். இக்கண்டுபிடிப்பு கதைக்குக் கொஞ்சம் வலுச் சேர்த்தது என்றால், அந்த வலு முழுவதும் சிந்து நதிப் பக்கம் போய்ச் சேர்கிறதே தவிர மலபாருக்கு வரவில்லை.

மலபாருக்கு வந்திருக்க முடியாதா? தாராளமாக முடியும். முதலாம் நூற்றாண்டில் பருவக்காற்றைப் பிடித்துச் செங்கடல் வாயிலிருந்து நாற்பது நாளில் முசிறியை அடையலாம் என்று பிளினி எழுதியிருக்கிறார். யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு போனதைச் சங்கப் புலவர்களும் பாடினார்கள். முசிறியாக இருக்கலாம் என்று கருதப்படும் பட்டணம் என்ற சிற்றூரில் 2007 முதல் நடந்த அகழ்வுகளில் மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச் சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. வழி திறந்திருந்தது என்பதற்கு இவை சான்று. திறந்த வழியில் இன்னார் நடந்தார் என்பதற்கு இவை சான்றாகா. தோமா மலபாருக்கு வந்தார் என்ற கதையின் விரிவான வடிவங்கள் நமக்குக் கிடைப்பது பதினாறாம் நூற்றாண்டில், போர்த்துக்கேயர் கேட்டு எழுதியவற்றில்தான். ‘றம்பான் பாட்டு’ என்ற மலையாளப் பாடல் 1601இல் எழுதப்பட்டது என்கிறார்கள். நிகழ்ச்சிக்கும் ஏட்டுக்கும் இடையே ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு. வாய்வழி மரபு அத்தனை காலம் நிலைக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது; நிலைத்தது என்று நிறுவவும் முடியாது.

இனிச் சமூகத்தைப் பற்றிய சான்றுக்கு வருவோம். ஆறாம் நூற்றாண்டின் நடுவில் கொஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரியா வணிகர் கிரேக்க மொழியில் ஒரு நூல் எழுதினார். தப்ரபேன் தீவில், அதாவது நம் இலங்கையில், பாரசீகக் கிறிஸ்தவர்களின் ஆலயம் ஒன்று இருப்பதாகவும், அதன் குரு பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்டு வருவதாகவும் அவர் சொல்கிறார். மிளகு விளையும் மலே என்ற கரையிலும் கிறிஸ்தவர் உண்டு என்கிறார். ஏழாம் நூற்றாண்டின் நடுவில் கீழைத் திருச்சபையின் தலைவரான மூன்றாம் ஈஷோயாப், பாரசீகக் கரையின் ரெவ் அர்தஷீர் நகரப் பேராயருக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் பிணக்கினால் இந்தியாவின் மக்களுக்கும் குருமார் இல்லாமற் போகிறது என்று கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு படம் தெரிகிறது. பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பலேறி வந்த வணிகர்கள். அவர்களோடு வந்த குருமார். துறைதோறும் ஒரு சிறு சபை.

இந்தப் படத்தைக் கல்லும் உறுதிப்படுத்துகிறது. கோட்டயம், கடமற்றம், முட்டுச்சிறை முதலிய கேரள ஆலயங்களிலும் சென்னைப் பரங்கிமலையிலும் ஒரே வார்ப்பிலான கற்சிலுவைகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பஹ்லவி எழுத்தில் ஒரு வரி ஓடுகிறது. பஹ்லவி என்பது இஸ்லாத்துக்கு முந்திய பாரசீக மொழி. 1912இல் அநுராதபுரத்தின் பழைய நகரத்தில் கண்டெடுக்கப்பட்ட சிலுவை இவற்றுக்கு நெருங்கிய உறவினன். அதில் எழுத்து மட்டும் இல்லை.

பரங்கிமலைச் சிலுவையின் கதையைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். 1547இல் போர்த்துக்கேயர் அதைக் கண்டெடுத்தபோது எழுத்தைப் படிக்க ஆளில்லை. ஒரு பிராமணரை அழைத்து வந்தார்கள். தோமாவின் வருகை, போதனை, அவர் இரத்தம் சிந்தியது எல்லாம் அதில் எழுதியிருக்கிறது என்று அவர் நீளமாக வாசித்துக் கொடுத்தார். கேட்டவர்களுக்கு எது வேண்டியிருந்ததோ அதுவே கிடைத்தது. 1873இல் பர்னெல் என்ற ஆங்கில அறிஞர் அது பஹ்லவி என்று கண்டு படிக்க முயன்றார். அவருக்குப் பின் வந்தவர்கள் வாசிப்பைத் திருத்தினார்கள். இன்று ஏற்கப்படும் வாசிப்புகளின்படி அது, சிலுவையைச் செய்வித்தவர் மீது இரங்குமாறு கிறிஸ்துவை வேண்டும் ஒரு சிறு பிரார்த்தனை. எழுத்தின் வடிவத்தைக் கொண்டு அதை ஏழாம் நூற்றாண்டு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வரையான காலத்தில் வைக்கிறார்கள். தோமாவின் பெயர் அதில் இல்லை. ஒரே வரிக்கு இவ்வளவு நீளமான வாசிப்பு எப்படி வந்தது என்று அன்றே யாராவது கேட்டிருந்தால் ஏமாற்றம் அப்போதே தெரிந்திருக்கும். கல்லில் உள்ள எழுத்துகளை எண்ணிவிட்டு வாசிப்பின் நீளத்தோடு ஒப்பிடுவதற்குப் பஹ்லவி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இப்போது கொல்லத்துக்கு வருவோம். அங்கே தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்துக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் வழங்கிய உரிமைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டன. அவ்வேடுகள் இன்று கோட்டயத்திலும் திருவல்லையிலுமாகத் திருச்சபைகளின் பொறுப்பில் உள்ளன. மொழி, மலையாளமாகப் பிரிந்துகொண்டிருந்த தமிழ். எழுத்து, வட்டெழுத்தும் சில கிரந்த எழுத்துகளும். நம்மில் யாரும் கொஞ்சம் பழகினால் சொற்களைப் பிடித்துவிடலாம்.

ஏட்டில் ஆண்டு எண் இல்லை. சேர மன்னர் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டு என்று மட்டும் இருக்கிறது. அப்படியிருக்க 849 என்ற எண் எங்கிருந்து வந்தது? அதே மன்னரின் ஆதரவில் வாழ்ந்த சங்கரநாராயணர் என்ற வானியல் அறிஞர், ‘லகுபாஸ்கரீயம்’ என்ற கணித நூலுக்கு ஓர் உரை எழுதினார். உரை எழுதிய ஆண்டைச் சகம் 791 என்றும், அது மன்னரின் 25ஆம் ஆண்டு என்றும் குறித்து வைத்தார். சகம் 791 என்பது கி.பி. 869. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆட்சியின் முதலாண்டு 844–845இல் விழுகிறது; ஐந்தாம் ஆண்டு 849. ஓராண்டு முன்பின் ஆகலாம், அதற்கு மேல் அசையாது. கிறிஸ்தவப் பள்ளியின் காலத்தை, கோள்களைக் கணித்துக்கொண்டிருந்த ஓர் இந்து அறிஞரின் உரைநூல் நிறுவித் தருகிறது. தனக்கு இதில் எந்த நலனும் இல்லாத ஒருவர் தரும் சான்று என்பதால் அதற்கு எடை அதிகம்.

பள்ளியை நிறுவியவர் மருவான் சபீர் ஈசோ. முன்பு இப்பெயரை ஈசோ தபீர் என்று வாசித்தார்கள். நகரத்தை அமைத்து, ஆட்சியாளர் நீர்வார்த்துக் கொடுத்த உரிமையைப் பெற்றவராக ஏடு அவரைச் சொல்கிறது. ‘மரு’ என்பது சுரியானியில் ‘எம் தலைவர்’ என்று பொருள்படும் மரியாதைச் சொல்லின் சாயல். சபீர் ஈசோ சுரியானிப் பெயர். தரிசா என்பது பாரசீகத்தில் கிறிஸ்தவரைக் குறிக்கும் ‘தர்சா’ என்ற சொல்லே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ‘பள்ளி’ என்ற பகுதிதான் நமக்கு நெருக்கமானது. சமணர் இருக்கை பள்ளி; எங்கள் மாவட்டத்து வெல்கம் விகாரையின் பதினோராம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளில் பௌத்த விகாரை இராஜராஜப் பெரும்பள்ளி; கொல்லத்தில் கிறிஸ்தவ ஆலயம் பள்ளி; நமக்குப் பள்ளிவாசல். வந்த சமயங்களுக்கெல்லாம் தமிழ் ஒரே பாயைத்தான் விரித்திருக்கிறது.

ஏடு தரும் உரிமைகள் வெறும் மரியாதைகளல்ல. ஈழவர், தச்சர், வெள்ளாளர் முதலிய குடிகள் சிலர் பள்ளிக்கு விடப்படுகிறார்கள். அவர்கள் அரசுக்குக் கட்டிவந்த சில வரிகள் நீங்குகின்றன. அவர்களில் ஒருவர் குற்றம் செய்தால் விசாரிப்பது பள்ளியார். நகரத்து நிறைகோலும் அளவைகளும் பள்ளியாரின் காவலில் வைக்கப்படுகின்றன. துறைமுகத்தை அறிந்த எவருக்கும் இந்தக் கடைசி உரிமையின் கனம் புரியும். தராசு யார் கையில் இருக்கிறதோ அவரை நம்பித்தான் மிளகு கைமாறும். ஆகவே 849இல் கொல்லத்துக் கிறிஸ்தவர், புதிதாகக் கரையேறி ஒதுங்க இடம் கேட்டவர்கள் அல்லர். கடைத்தெருவின் நம்பிக்கையைப் பெற்று நிலைபெற்றவர்கள்.

இந்த உரிமைகளைக் காப்பதற்கு இரண்டு வணிக அமைப்புகள் பொறுப்பேற்கின்றன: மணிக்கிராமம், அஞ்சுவண்ணம். அஞ்சுவண்ணம் என்பது கடல் கடந்து வந்த மேற்காசிய வணிகரின் கூட்டமைப்பு. அதில் யூதரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். பெயர் கேட்டால் நம் வாசகருக்குத் தோப்பில் முஹம்மது மீரானின் ‘அஞ்சுவண்ணம் தெரு’ நாவல் நினைவுக்கு வரும். தெருப் பெயராக இன்று எஞ்சியிருக்கும் சொல், செப்பேட்டில் ஒரு நகரத்தின் பிணையாளராக நிற்கிறது.

ஏட்டின் இறுதியில் சாட்சிகள். மூன்று எழுத்துகளில் இருபத்தைந்து பேர். பதினொருவர் கூபி அரபு எழுத்தில், பதின்மர் பஹ்லவியில், நால்வர் ஹீப்ரு எழுத்தில் எழுதிய பாரசீகத்தில். அரபுப் பகுதியில் மைமூன் இப்னு இப்ராஹீம், பக்ர் இப்னு மன்சூர், இஸ்மாயீல் இப்னு யஃகூப் போன்ற பெயர்கள் இருக்கின்றன. ‘சாட்சி பகர்ந்தார்’ என்ற பொருளுள்ள அரபு வினைச் சொல்லோடு பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஒருவர் பெயர் உஸ்மான் இப்னு அல்-மர்ஸுபான். மர்ஸுபான் என்பது பழைய பாரசீகத்தில் எல்லை ஆளுநரின் பதவிப் பெயர். தந்தைக்குப் பாரசீகப் பெயர், மகனுக்கு மூன்றாம் கலீபாவின் பெயர். ஒரு குடும்பம் இஸ்லாத்துக்கு வந்த தலைமுறையை அந்த ஒரு பெயரில் நான் காண்கிறேன். பஹ்லவியில் கையெழுத்திட்டவருள் அக்கினியை வணங்கிய ஸொராஸ்திரரும் உண்டு.

இந்தக் காட்சியை மதநல்லிணக்கம் என்று மாலை சூட்டி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. இவர்கள் ஒரே கடலில் பிழைத்தவர்கள். வளைகுடாவின் ஒரே துறைகளிலிருந்து, ஒரே காற்றில், பலவேளை ஒரே கப்பலில் வந்தவர்கள். தரிசாப்பள்ளியின் தராசு நேர்மையாக இருப்பதில் மைமூனுக்கும் இலாபம் உண்டு. அதனால்தான் அந்தச் சாட்சியம் வலுவானது. அன்பினால் இட்ட கையெழுத்தை விட, கணக்குப் பார்த்து இட்ட கையெழுத்தை ஒரு வரலாற்று மாணவன் கூடுதலாக நம்பலாம்.

ஏடு சொல்லாததையும் சொல்லிவிட வேண்டும். அதில் தோமா இல்லை. எங்கள் பள்ளி ஹவாரி ஒருவர் நிறுவியது என்று சபீர் ஈசோ உரிமை கோரவில்லை. கோரிக்கை முழுவதும் நிகழ்காலத்து வணிகத்தின் மீதும் மன்னரின் சொல்லின் மீதும் நிற்கிறது. அதை வைத்துத் தோமா கதை அப்போது இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. வரிவிலக்குப் பத்திரத்தில் யாரும் தம் குலக்கதையை எழுதுவதில்லை. மேலும், கதை எழுதியிருக்கக்கூடிய ஏடுகளுக்கு ஒரு பேரிழப்பு நேர்ந்தது. 1599இல் உதயம்பேரூரில் கூடிய சபைக்குப் பின், போர்த்துக்கேயப் பேராயர் மெனசெஸின் கட்டளைப்படி சுரியானி நூல்கள் பிழையானவை என்று தீர்க்கப்பட்டு எரிக்கப்பட்டன. ஓலையும் தாளும் எரிந்தன, செம்பு தப்பியது. சான்று இல்லாமை எல்லாம் நிகழ்ச்சி இல்லாமை ஆகாது என்பதற்கு இதைவிடத் துயரமான உதாரணம் வேண்டியதில்லை.

இதே அளவுகோலை இனி நம் பக்கம் திருப்ப வேண்டும். சேரமான் பெருமாள் என்ற மன்னர் மக்கா சென்று நபிகளாரின் காலத்திலேயே இஸ்லாத்தைத் தழுவினார் என்பதும், கொடுங்கல்லூர்ப் பள்ளிவாசல் 629இல் எழுந்தது என்பதும் நம்மவர் பெருமையோடு சொல்லும் கதை. தோமா இறங்கியதாகச் சொல்லப்படும் அதே துறை. இந்தக் கதையை முதலில் நிறுத்துப் பார்த்தவர் வெளியார் அல்லர். பொன்னானியின் ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ எழுதியபோது, சிவனொளிபாத மலையில் ஆதம் நபியின் பாதச்சுவட்டைத் தரிசிக்க இலங்கை நோக்கிப் புறப்பட்ட பக்கீர்கள் வழியில் அந்த மன்னரைச் சந்தித்ததைச் சொல்கிறார். சொல்லிவிட்டு, இது நபிகளாரின் காலத்தில் நடந்தது என்று மக்கள் நம்புவதை ஏற்காமல், ஹிஜ்ரி இருநூறுக்குப் பின் நடந்திருக்கலாம் என்று எழுதுகிறார். போர்த்துக்கேயரோடு தன் சமூகம் போராடிக்கொண்டிருந்த நாளில், அந்தப் போராட்டத்துக்காக எழுதிய நூலிலேயே, தன் மக்களுக்கு இனித்த ஓர் ஆண்டை அவர் விட்டுக்கொடுத்தார். அதனால் மலபார் முஸ்லிம்களின் வேர் எந்த விதத்திலும் குறையவில்லை.

எங்கள் மாவட்டத்துத் திரியாய்க்கும் இப்படியொரு கதை உண்டு. புத்தர் ஞானம் பெற்றவுடன் அவருக்கு உணவளித்த தபுஸ்ஸ, பல்லிக என்ற வணிகர் இருவர், அவருடைய தலைமுடியைக் கடல் வழியே கொணர்ந்து திரியாய்க் குன்றில் வைத்தார்கள் என்பது அது. அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு அந்தப் பெயர்களில் வணிகக் குழுவினரைக் குறிப்பிடுகிறது. ஆனால் அது பல்லவர்காலத்து கிரந்த எழுத்தில், ஏழு, எட்டாம் நூற்றாண்டளவில் வெட்டப்பட்டது. புத்தருக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிந்தியது. பர்மியரும் அதே தலைமுடியை இரங்கூன் ஷ்வேடகொன் கோயிலில் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். கல்வெட்டு அந்தப் பயணத்தை நிறுவவில்லை; அந்தக் கரையில் கடலோடிய பௌத்த வணிகர் இருந்ததை ஐயமின்றி நிறுவுகிறது.

மூன்று கதைகளும் ஒரே வடிவில் இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. துறைமுகத்தில் நிலைகொண்ட வணிகச் சமூகம் ஒன்று, தன் சமயத்தின் முதல் தலைமுறை மனிதர் ஒருவரின் காலடியை அதே துறையில் தேடுகிறது. சிலர் உண்மையிலேயே வந்திருக்கலாம். வந்தாரா என்பதற்குச் சான்று கேட்பது ஒரு கேள்வி. அந்தச் சமூகம் எப்போதிருந்து அங்கே வாழ்கிறது என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குத் தோமா விஷயத்தில் விடை கிடைக்கவில்லை. இரண்டாவதற்கு, ஆறாம் நூற்றாண்டிலிருந்து என்று கொஸ்மாஸும், 849இல் தராசு அவர்கள் கையில் இருந்தது என்று செப்பேடும் சொல்கின்றன. ஒரு மக்கள் கூட்டத்துக்கு ஒரு கரையில் உள்ள உரிமையை இரண்டாம் கேள்விதான் தீர்மானிக்கிறது. முதலாம் கேள்வியில் தோற்றவன் மண்ணையும் இழக்க வேண்டும் என்று வாதாடுவோர், இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறவர்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மாபாருக்கு வந்த மார்க்கோ போலோ, தோமாவின் அடக்கத்தலத்துக்குக் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் யாத்திரை வருவதாக எழுதினார். முஸ்லிம்கள் அந்தப் பெரியாரைத் தங்களவர் என்றே கொண்டாடினார்கள். ‘அவரியான்’ என்று அழைத்தார்கள். அந்தச் சொல் ஹவாரி என்பதன் திரிபு என்று பின்னாளில் உரையாசிரியர்கள் கண்டார்கள். அங்கே அடங்கியிருப்பவர் யார் என்பது இன்றும் தீராத கேள்வி. அந்த அடக்கத்தலத்துக்கு வந்துபோன நம் முன்னோர், கேள்வி தீரும்வரை காத்திருக்கவில்லை.